வருடத்தின் நடுவில் ராஜினாமா: மதிப்பெண்களையும் பதிவேடுகளையும் எப்படி ஒப்படைப்பது?

மேலூர்ரோடு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்கு வெளியே ஒரு தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் ஆறு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு, அது போக ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியை. வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்துவிட்டது. பிள்ளைகள் சின்னவர்கள், தனியே இங்கே சமாளிக்க முடியாது.

அக்டோபர் 10 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்தேன். நவம்பர் 12 கடைசி நாள் என்று எழுதியிருக்கிறேன். நியமன ஆணையில் ஒரு மாத முன்னறிவிப்பு என்றுதான் இருக்கிறது. தாளாளர் கடிதத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, “மார்ச் வரைக்கும் இருந்துட்டுப் போங்க டீச்சர், நடுவுல போனா ஒரிஜினல் சர்டிபிகேட்டும் வராது, கடைசி மாசச் சம்பளமும் வராது” என்று சொல்லிவிட்டார். வாங்கியதற்குக் கையெழுத்து எதுவும் தரவில்லை.

எனக்குச் சண்டை போட விருப்பம் இல்லை. பிள்ளைகள் பாதிக்கக் கூடாது என்பதால் மதிப்பெண் பதிவேடு, வருகைப் பதிவேடு, எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்படைக்கிறேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் எப்படிச் செய்தால் பிற்பாடு “மார்க்கைக் குளறுபடி செய்துவிட்டுப் போய்விட்டார்” என்ற பேச்சு வராது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

இதுக்கு ஏன் டீச்சர் இம்புட்டுக் கவலை? மார்க் எல்லாம் எக்செல்லில் இருக்கும்தானே. பள்ளி மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள், ஒரு பென் டிரைவில் போட்டு ஆபீஸில் கொடுத்துவிடுங்கள். அனுப்பிய மெயிலே சாட்சி. சர்டிபிகேட் தரவில்லை என்றால் நேரே போலீஸ் ஸ்டேஷன். நான் ஐ.டி. கம்பெனியில் வேலை மாறியபோது இப்படித்தான் ஒரே மெயிலில் முடித்தேன்.

சாக்பீஸ் ஓய்வு

தம்பி சொன்னதில் மெயில் அனுப்பச் சொன்னது சரி. ஆனால் பள்ளியில் மூல ஆவணம் கையால் எழுதிய பதிவேடுதான். ஆய்வுக்கு வருகிற அதிகாரி அதைத்தான் கேட்பார். எக்செல்லை யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றிவிடலாம், அப்புறம் எந்தப் படி உண்மையானது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இடையில் போனவர்களிடம் பொறுப்பை வாங்கியும் இருக்கிறேன், புதிதாக வந்தவர்களிடம் கொடுத்தும் இருக்கிறேன். பதில் எழுதுவதற்கு முன் டீச்சரிடம் சில கேள்விகள். பன்னிரண்டாம் வகுப்புக்கு இதுவரை எத்தனை உள்நிலைத் தேர்வு நடந்திருக்கிறது? திருத்தாத தாள் கைவசம் இருக்கிறதா? மதிப்பெண் பட்டியல் எதிலாவது உங்களிடம் முன்கூட்டியே கையெழுத்துக் கேட்டார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

மேலூர்ரோடு டீச்சர்

ஐயா, கேட்டதற்கு ரொம்ப நன்றி. பன்னிரண்டுக்கு நான்கு உள்நிலைத் தேர்வு வைப்பதாகத் திட்டம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் 50 மதிப்பெண்ணுக்கு வைத்தோம். மூன்றாவதாகக் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம், அது 90-க்கு நடந்தது. நான்காவது ஜனவரியில். காலாண்டுத் தாள் எல்லாம் திருத்திப் பிள்ளைகளிடம் கொடுத்தாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு அக்டோபர் அலகுத் தேர்வுத் தாள் ஒரு கட்டு பாதி திருத்தியபடி இருக்கிறது.

நீங்கள் எப்படி ஊகித்தீர்கள் என்று தெரியவில்லை. நேற்றுதான் அலுவலகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு உள்மதிப்பீட்டுப் படிவத்தை நீட்டினார்கள். பெயரும் தேர்வு எண் கட்டமும் மட்டும் இருக்கிறது, மார்க் கட்டம் எல்லாம் காலி. “பாட ஆசிரியர் கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போங்க, புது சார் வந்து நிரப்பிக்குவார், அப்புறம் உங்களத் தேடி அலைய வேண்டாம்ல” என்கிறார் கிளார்க். ரிலீவிங் ஆர்டர் தருவதற்கு அது வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நான் எழுதி வைத்திருக்கும் இரண்டாவது கடிதத்தின் முக்கியப் பத்தி இது:

“வகுப்புப் பதிவேடுகள், மதிப்பெண்கள் அனைத்தையும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். என்னுடைய அசல் சான்றிதழ்களையும் நிலுவைச் சம்பளத்தையும் வழங்கும் அன்றே இவை அனைத்தும் தங்களிடம் ஒப்படைக்கப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

சாக்பீஸ் ஓய்வு

முதலில் அந்தக் காலிப் படிவம். எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் யார், எப்போது, என்ன எண் எழுதினாலும் அது நீங்கள் போட்ட மார்க் ஆகிவிடும். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ dge.tn.gov.in தளத்தில் ஏற்றும்போது நீங்கள் தூத்துக்குடியில் இருப்பீர்கள். ஒரு பெற்றோர் வந்து கேட்டால் பள்ளி உங்கள் கையெழுத்தைக் காட்டும். இத்தனைக்கும் நான்காவது தேர்வு இன்னும் நடக்கவே இல்லை. நடக்காத தேர்வைச் சேர்த்துப் போடும் மதிப்பெண்ணுக்கு நவம்பரில் கையெழுத்திட முடியுமா? கிளார்க்கிடம் இந்த ஒரு காரணத்தைச் சொன்னாலே போதும். கோபப்படத் தேவையில்லை.

அடுத்தது உங்கள் கடிதம். இரண்டாவது வாக்கியத்தை அப்படியே வெட்டிவிடுங்கள். சான்றிதழைத் தரும் அன்றுதான் மார்க்கைத் தருவேன் என்று எழுதினால் நீங்களும் பள்ளியும் ஒரே தட்டில் நிற்பீர்கள். அவர்கள் சான்றிதழைப் பிடித்து வைத்திருப்பது தவறு. நீங்கள் மதிப்பெண் பதிவேட்டைப் பிடித்து வைத்தால் அதுவும் தவறு. அது பள்ளியின் சொத்து, பிள்ளைகளுடைய கணக்கு. நாளை கல்வி அலுவலரிடம் மனு போட்டால் அவர் கையில் முதலில் கிடைப்பது இந்தக் கடிதம்தான். ‘இவரும்தான் பேரம் பேசியிருக்கிறார்’ என்று ஒதுக்கிவிடுவார்.

ஒப்படைப்பை எந்த நிபந்தனையும் இல்லாமல், தேதி குறித்து எழுதுங்கள். சான்றிதழ் கேட்பது தனிக் கடிதமாக, வேறு தேதியில் போகட்டும். பத்தி இப்படி இருக்கலாம்:

“10-10-2025 அன்று அளித்த என் ராஜினாமா கடிதத்தின் தொடர்ச்சியாக, 12-11-2025 பிற்பகலுடன் பணியிலிருந்து விலகுகிறேன். அதுவரை நான் நடத்திய தேர்வுகளின் மதிப்பெண் பதிவேடு, ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் வகுப்பு ஆவணங்கள், பாட நிலைக் குறிப்பு ஆகியவற்றை இணைப்பில் உள்ள பட்டியலின்படி 10-11-2025 முதல் தாங்கள் குறிப்பிடும் ஆசிரியரிடம் ஒப்படைக்க ஆயத்தமாக உள்ளேன். பெற்றுக்கொண்டமைக்குப் பட்டியலின் நகலில் கையொப்பமிட்டு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். ஜனவரித் தேர்வும் இறுதி உள்மதிப்பீடும் என் பணிக்காலத்துக்குப் பிந்தையவை என்பதால் அவற்றில் என் கையொப்பம் இடம்பெறாது.”

கடைசி வரிதான் உங்களைக் காப்பாற்றும். முதல் கடிதத்துக்கும் ஒப்புகை இல்லை என்கிறீர்கள், ஆகவே அதன் நகலையும் சேர்த்து இதை ஸ்பீடு போஸ்ட்டில் பள்ளி முகவரிக்கு அனுப்பிவிடுங்கள், நேரிலும் ஒன்று கொடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முன்னறிவிப்பு எப்போது தொடங்கியது என்ற கேள்வி வந்தால் அக்டோபர் 10-க்குச் சாட்சி வேண்டும். அன்று தாளாளர் அறையில் வேறு யாராவது இருந்தார்களா, வாட்ஸாப்பில் ஏதாவது பேச்சு நடந்ததா என்று பாருங்கள். “மார்ச் வரை இருங்கள்” என்று அவர்கள் அனுப்பிய ஒரு செய்தி இருந்தாலே போதும், ராஜினாமா அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று ஆகிவிடும்.

உசிலம்பட்டி ராசா

மேடம், இடையில் ராஜினாமா செய்தால் பழைய சர்வீஸ் எல்லாம் போய்விடும், தெரியும்தானே? முதலில் ஊதியமில்லா விடுப்பு போட்டுப் பாருங்கள். இல்லை என்றால் மனமொத்த மாறுதல். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு வர நினைக்கிற ஆசிரியர் கட்டாயம் இருப்பார். எங்கள் ஒன்றியத்திலேயே ஒருவர் அப்படித்தான் போனார். பணிப்பதிவேட்டில் விடுப்புக் கணக்கை முதலில் சரிபாருங்கள்.

வைகைக்கரை

அண்ணே, டீச்சர் தனியார் பள்ளி. மேலே எழுதியிருக்கிறார்.

உசிலம்பட்டி ராசா

ஓ, மெட்ரிக் என்பதைக் கவனிக்கவில்லை. அப்படியானால் நான் சொன்னது பொருந்தாது. இருந்தாலும் அரசுப் பள்ளியிலிருந்து யாராவது படித்தால் உதவும், இருக்கட்டும்.

திருநகர் அப்பா

யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். என் மகள் இந்த வருடம் பன்னிரண்டு. அவளுடைய பள்ளியிலும் செப்டம்பரில் இயற்பியல் டீச்சர் நின்றுவிட்டார். அதற்கப்புறம் இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள், இப்போது பதினொன்றாம் வகுப்பு சார் வந்து நோட்ஸ் வாசித்துவிட்டுப் போகிறார். ஃபீஸ் மட்டும் குறையவில்லை. நீங்கள் பதிவேட்டை அழகாக அடுக்கிக் கொடுத்துவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் வந்துவிடுமா? உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நவம்பரில் போவது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜனவரி வரையாவது இருந்திருக்கலாம்.

மேலூர்ரோடு டீச்சர்

சார், உங்கள் கோபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஜூலையிலேயே மாற்றல் வரும் போலிருக்கிறது என்று தலைமையாசிரியையிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். ஆளைத் தேடுங்கள் என்றும் சொன்னேன். விளம்பரம் இன்னும் கொடுக்கவில்லை. நவம்பர் கடைசி வரை சனிக்கிழமைகளில் வந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு எடுக்கிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். “வந்தா முழுசா வாங்க, இல்லாட்டி வேண்டாம்” என்றார்கள்.

சாக்பீஸ் ஓய்வு

திருநகர் ஐயா கேட்டதில் ஒரு பாதிக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். பாடம் வருமா என்பது பள்ளி ஆள் போடுவதைப் பொறுத்தது. ஆனால் புதிதாக வருகிறவர் முதல் இரண்டு வாரத்தை வீணடிப்பதைத் தடுக்கலாம். மேலே ‘பாட நிலைக் குறிப்பு’ என்று நான் எழுதியது அதற்குத்தான். அன்றாடம் நடத்திய பாடத்தை எழுதும் பணிப் பதிவேட்டில் “இயல் 9 நடைபெறுகிறது” என்று மட்டும் இருந்தால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. பிள்ளைகளைக் கேட்டால் ஒருத்தன் முடிந்தது என்பான், ஒருத்தி தொடங்கவே இல்லை என்பாள். எந்தப் பயிற்சி வரை முடிந்தது, நடுவில் எதைத் தாண்டி வந்தீர்கள், எந்தக் கணக்கில் வகுப்பே தடுமாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதினால் போதும்.

மேலூர்ரோடு டீச்சர்

எழுதிவிடுகிறேன் ஐயா. முதல் தொகுதி ஆறு இயலும் முடிந்துவிட்டது. இரண்டாம் தொகுதியில் ஏழும் எட்டும் முடிந்து, ஒன்பதில் தொகையிடலில் பயிற்சி 9.3 வரை வந்திருக்கிறோம். ஐந்தாவது இயலில் நீள்வட்டம், அதிபரவளையம் வாழ்வியல் கணக்குகளை மட்டும் திருப்புதலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். இதைச் சொல்லாமல் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்தான்.

ஒத்தக்கடை கணக்கு

நானும் கணக்கு வாத்தியார்தான், பன்னிரண்டுக்கு உள்மதிப்பீடு போடுகிறவன். காலாண்டு 90-க்கு என்று டீச்சர் எழுதியதைப் பார்த்ததும் சுருக்கென்றது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் 90 எழுத்துத் தேர்வு, 10 உள்மதிப்பீடு. அந்தப் பத்தில் வருகைக்கு 2, உள்நிலைத் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, இணைச் செயல்பாட்டுக்கு 2. வருகை வகுப்பாசிரியர் கணக்கு. நம் கையில் உண்மையாக இருப்பது அந்த நான்கும் ஒப்படைவின் இரண்டும்தான். நான்குக்கு, சிறந்த மூன்று தேர்வுகளின் சராசரியை எடுக்கிறோம்.

இப்போது பதிவேட்டில் மூன்றாவது பத்தியின் தலைப்பில் “காலாண்டு” என்று மட்டும் எழுதி, 90-க்கு என்று குறிப்பிடாமல் போனால் என்ன ஆகும்? ஒரு பையன் ஜூலையில் 15, ஆகஸ்டில் 17, காலாண்டில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரித் தேர்வில் அதற்கும் கீழே போய்விட்டான், அதை விட்டுவிடலாம். 90-க்கு 30 என்றால் 50-க்கு 16.7. மூன்றின் சராசரி 16.2, நான்குக்கு மாற்றினால் 1.3, ஒரு மதிப்பெண். புதிதாக வந்தவர் 30-ஐயும் 50-க்கு என்றே நினைத்தால் சராசரி 20.7, அது 1.65 ஆகி இரண்டு மதிப்பெண் ஆகிவிடும்.

நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் இந்தத் தப்பு உடனே மாட்டிக்கொள்ளும். காலாண்டில் 78 வாங்கியிருந்தால் 50-க்கு 78 எப்படி என்று யாருக்கும் தோன்றும், அந்த வரிசையை மட்டும் திருத்திவிடுவார்கள். 50-க்குக் கீழே இருக்கிறவர்கள் வரிசையில் எதுவும் உறுத்தாது, அது அப்படியே ஏறிவிடும். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு கணக்கு, மீதிப் பேருக்கு வேறு கணக்கு. ஆய்வில் யாராவது காலாண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால் பழைய டீச்சரைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று, தேர்வுக்கு வராதவர்கள். உடம்பு சரியில்லாமல் ஆகஸ்டில் வராத பிள்ளைக்கு மறுதேர்வு வைத்திருப்போம். அந்த மார்க் பல பேருக்குத் துண்டுத் தாளில் அல்லது டைரியில்தான் கிடக்கும். ஒரு பெண் 46, மறுதேர்வில் 45, காலாண்டு 50-க்கு மாற்றி 44 என்றால் சராசரி 45, நான்குக்கு 3.6, முழு எண்ணாக்கினால் நான்கு. மறுதேர்வு பதிவேட்டில் ஏறாமல், ஜனவரியில் அவள் 18 வாங்கினாள் என்றால் 46, 44, 18. சராசரி 36, அது 2.9, மூன்று. ஒரு மார்க் போய்விட்டது. நூற்றுக்கு நூறு எதிர்பார்க்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. கடைசிப் பெஞ்சில் இருக்கிறவனுக்கும்தான்: உள்மதிப்பீடு 10 இருந்தால் எழுத்தில் 25 எடுத்து 35-ஐத் தொட்டுவிடுவான், 7 என்றால் 28 வேண்டும்.

ஆகவே டீச்சர், ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் தேர்வுப் பெயர், நடந்த தேதி, எத்தனை மதிப்பெண்ணுக்கு என்ற மூன்றும் இருக்கட்டும். வராதவர்களுக்குச் சுழியம் போடாதீர்கள், ‘வரவில்லை’ என்றே எழுதுங்கள். மறுதேர்வு மார்க்கை வேறு மையில் தேதியோடு எழுதுங்கள். மாற்றிய எண்ணைத் தராதீர்கள், பிள்ளை வாங்கிய எண்ணைத் தாருங்கள். நான்குக்கு மாற்றுவது வருகிறவர் வேலை.

சாக்பீஸ் ஓய்வு

ஒத்தக்கடையார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் “மொத்தம் இத்தனை மாணவர், தேர்வெழுதியவர் இத்தனை, வராதவர் இத்தனை, பத்தியின் கூட்டுத்தொகை இவ்வளவு” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு யாராவது ஓர் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை உதைக்கும். அடித்தல் திருத்தல் இருந்தால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம். ஒயிட்னர் மட்டும் வேண்டாம். ஒயிட்னர் தடவிய பதிவேட்டை நான் எப்போதுமே ஏற்றுக்கொண்டதில்லை.

அந்தப் பாதி திருத்திய கட்டை முடிந்தால் திருத்தி முடித்துக் கொடுங்கள். முடியாவிட்டால் திருத்தியது எத்தனை, திருத்தாதது எத்தனை என்று எண்ணித் தனித்தனியாகக் கட்டி, பட்டியலில் அப்படியே எழுதுங்கள். ஒரே தேர்வுக்குப் பாதித் தாளை ஒருவரும் மீதியை இன்னொருவரும் திருத்தினால் கை இளக்கம் ஒன்றாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பி.எஃப். கவுண்டர்

சான்றிதழ் பக்கம் வருகிறேன். நான் கணக்காளர், பல பள்ளிகளுக்கு வேலை பார்க்கிறேன். என் தங்கையும் இதே மாதிரி மாட்டியவள்தான்.

போலீஸுக்குப் போவது முதல் வழி இல்லை. “இது உங்களுக்குள்ள பிரச்சினை, பேசித் தீர்த்துக்குங்க” என்றுதான் அனுப்புவார்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது என்று பட்டியலோடு. தராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக இருக்கிறவரிடம் மனு. அதன் நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போடுங்கள். கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் இல்லை, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரி தொடர்பான வழக்கில் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடலாம். பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ் வரை போகாமலே முடிந்துவிடும். என் தங்கைக்கு மனுவின் நகல் பள்ளிக்குப் போன வாரமே ஃபோன் வந்தது.

சம்பளம் தனி விஷயம். நோட்டீஸ் காலம் குறைந்தால் அந்த நாட்களுக்குப் பிடிக்கலாம் என்று ஆணையில் இருக்கும். உங்களுக்கு ஒரு மாதம் முழுதாக இருக்கிறது. பள்ளி அக்டோபர் 10-ஐ ஒப்புக்கொள்ளாமல், தபால் கிடைத்த தேதியிலிருந்துதான் கணக்கு என்று வம்பு பண்ணலாம். அதற்குத்தான் ஐயா அக்டோபர் 10-க்குச் சாட்சி கேட்டது.

பி.எஃப். பிடிக்கிறார்களா? பிடித்தால் விலகிய தேதியைப் பள்ளி போடாவிட்டாலும், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே யு.ஏ.என். தளத்தில் போட்டுக்கொள்ளலாம். அதிலும் சிக்கல் என்றால் லேடி டோக் காலேஜ் ரோட்டில் அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

எமிஸையும் மறக்க வேண்டாம். emis.tnschools.gov.in தளத்தில் பழைய பள்ளி உங்களை விடுவித்தால்தான் தூத்துக்குடிப் பள்ளி சேர்க்க முடியும். ரிலீவிங் ஆர்டரை வாங்கிவிட்டு இதைக் கேட்காமல் வந்து திண்டாடுகிறவர்கள் நிறைய.

வைகைக்கரை

ஆறு வருடம் என்றால் கிராஜுவிட்டி? தனியார் டீச்சருக்கு அதெல்லாம் கிடையாது என்றுதானே சொல்வார்கள்?

பி.எஃப். கவுண்டர்

அப்படிச் சொல்வார்கள். 2009 சட்டத் திருத்தத்தில் ஆசிரியர்களையும் சேர்த்துவிட்டார்கள், அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஐந்து வருடம் முடிந்தவருக்கு உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து 18,000 என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஆறு வருடத்துக்கு 62,300 சொச்சம் வரும். ஆனால் டீச்சர், இதை ஒப்படைப்புக் கடிதத்தில் நுழைக்காதீர்கள். அதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது.

பள்ளி ஒவ்வொரு மே மாதமும் ‘ராஜினாமா’ வாங்கி ஜூனில் புதிதாக ஆர்டர் கொடுத்திருந்தால் மட்டும் கொஞ்சம் இழுபறி ஆகும்.

மேலூர்ரோடு டீச்சர்

அப்படித்தான் சார் வாங்கியிருக்கிறார்கள், இரண்டு வருடம். சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு சந்தேகம். மதிப்பெண் பதிவேட்டை ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் வைத்துக்கொள்ளலாமா?

ஒத்தக்கடை கணக்கு

கட்டாயம் எடுங்கள். நாளைக்கு எண் மாறினால் வேறு எதைக் காட்டுவீர்கள்?

சாக்பீஸ் ஓய்வு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகளின் பெயர், எமிஸ் எண், பெற்றோர் ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கிற ஏட்டைப் பணியை விட்டுப் போனவர் வீட்டில் வைத்திருப்பது சரியில்லை. பெற்றோரிடம் ஒருவர் டியூஷனுக்கு ஆள் பிடிக்க அந்த நம்பரைப் பயன்படுத்தினார் என்று ஒரு பள்ளியில் பெரிய தகராறே நடந்தது. கையெழுத்தான ஒப்படைப்புப் பட்டியலும், ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையும் அதில் இருந்தால் போதும். எண் மாறியதா என்று அதை வைத்தே நிரூபிக்கலாம்.

ஒத்தக்கடை கணக்கு

கூட்டுத்தொகையை வைத்து மாறியது தெரியும் ஐயா, யாருக்கு மாறியது என்று தெரியாதே. ஒருவனுக்கு இரண்டு கூட்டி இன்னொருவனுக்கு இரண்டு குறைத்தால் கூட்டுத்தொகையும் நிற்கும். வரிசை எண்ணும் மார்க்கும் மட்டும் தெரிகிற மாதிரி, பெயரை மறைத்து எடுக்கலாம்.

சாக்பீஸ் ஓய்வு

அப்படியானால் தலைமையாசிரியையின் அனுமதியோடு எடுக்கட்டும், பட்டியலிலும் எழுதட்டும். தெரியாமல் எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வைகைக்கரை

நான் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். மார்க் ஷீட் உங்கள் சொந்த ஜிமெயிலில் கூகுள் ஷீட்டாக இருந்தால், பள்ளி மெயிலும் ஜிமெயில் என்றால் அதற்கு உரிமையை மாற்றி, அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு நீங்கள் வெளியே வாருங்கள். வெறுமனே பகிர்ந்து வைத்தால் நீங்கள் அழிக்கும் அன்று அவர்களுக்கும் போய்விடும். ஒன்பது ‘பி’ பெற்றோர் வாட்ஸாப் குழுவுக்கு நீங்கள்தானே அட்மின்? அதையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தூத்துக்குடியிலும் காலையில் ஏழு மணிக்கு “டீச்சர், இன்னிக்கு ஸ்கூல் உண்டா” என்று வரும்.

மேலூர்ரோடு டீச்சர்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடிதம் நீங்கள் சொன்னபடி போனது, நேரிலும் தபாலிலும். காலிப் படிவத்தில் கையெழுத்துப் போட முடியாது, ஜனவரித் தேர்வு இன்னும் நடக்கவில்லை என்றேன். கிளார்க் முகம் சுருங்கியது. தலைமையாசிரியை மட்டும் “அது சரிதானே” என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

மதிப்பெண் பதிவேட்டில் காலாண்டுப் பத்திக்கு நான் 90 என்று தலைப்பில் போட்டிருந்தேன், ஆனால் இன்னொரு பிரிவின் பக்கத்தில் விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டேன். மறுதேர்வு எழுதிய மூன்று பேர் மார்க்கும் ஏறிவிட்டது. பதினோராம் வகுப்புக் கணக்கு சார் வந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து வாங்கினார். பட்டியலில் அவரும் தலைமையாசிரியையும் கையெழுத்திட்டார்கள், பள்ளி முத்திரை கிடைக்கவில்லை. முத்திரை தாளாளர் அறையில் பூட்டியிருக்கிறதாம். ஜெராக்ஸ் பேச்சை நான் எடுக்கவில்லை, பட்டியலின் நகலோடு வந்துவிட்டேன்.

சான்றிதழ் இன்னும் வரவில்லை. “செக்ரட்டரி ஊரில் இல்லை” என்கிறார்கள். தனிக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

பி.எஃப். கவுண்டர்

முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கையெழுத்துக்குக் கீழே பெயர், பதவி, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். செக்ரட்டரி வருவதற்கு இரண்டு வாரம் கொடுங்கள், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், மனுவைப் போட்டுவிடுங்கள்.

திருநகர் அப்பா

புது ஆள் வந்தாரா இல்லையா டீச்சர்?

மேலூர்ரோடு டீச்சர்

இன்னும் இல்லை சார். இப்போதைக்குப் பதினோராம் வகுப்பு சாரே இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார். ஒன்பதாவது இயலில் அவருக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது, மாலையில் ஃபோனில் கேட்டால் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

ஒத்தக்கடை கணக்கு

அவர் என் நம்பரையும் வைத்துக்கொள்ளட்டும். தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.